சம்பளச் செலவு எவ்வளவு? பேங்கில் போனது அல்ல, பே ஸ்லிப்பில் இருக்கும் மொத்தச் சம்பளம்

கேள்வி: கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதி பேங்கிலிருந்து போகும் சம்பளத் தொகையை ‘சம்பளம்’ என்று செலவில் எழுதுவேன். 15-ம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலான் கட்டும்போது அந்தத் தொகையை ‘பி.எஃப். செலவு’, ‘ஈ.எஸ்.ஐ. செலவு’ என்று எழுதுவேன். புதிதாக வந்த ஆடிட்டர் இது முழுக்கத் தப்பு என்கிறார். எப்படி எழுதினாலும் எல்லாப் பணமும் கம்பெனியிலிருந்துதானே போகிறது, லாபம் அதேதானே வரும்? இன்னொன்று, ஸ்டாஃப் அட்வான்ஸ் லெட்ஜர் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் யாரும் அவ்வளவு பாக்கி வைத்திருக்கவில்லை. இது ஏன் என்றும் புரியவில்லை. — வாசகி, கோவை

பதில்: கடைசியில் ‘இன்னொன்று’ என்று சேர்த்தீர்களே, அதுதான் உங்கள் முதல் கேள்விக்கான பதில். லாபம் அதே வராது. அட்வான்ஸ் லெட்ஜர் அதற்குச் சாட்சி. எப்படி என்று பார்க்க, ஒரே ஒரு தொழிலாளியின் மார்ச் மாதச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம்.

அவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000, வீட்டு வாடகைப்படி 5,000. மொத்தம் 20,000 ரூபாய். பி.எஃப்.புக்கு அவர் பங்கு 15,000-த்தில் 12 சதவீதம், அதாவது 1,800. ஈ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தின் மேல் 0.75 சதவீதம், 150 ரூபாய். போன தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸில் இந்த மாதத் தவணை 1,000. மூன்றும் போக அவர் பேங்க் கணக்கில் விழுவது 17,050.

இவரால் கம்பெனிக்கு ஆன சம்பளச் செலவு எவ்வளவு? நீங்கள் எழுதுவது 17,050. சரியான பதில் 20,000. அவர் ஒரு மாதம் உழைத்ததற்குக் கம்பெனி தர ஒப்புக்கொண்ட விலை 20,000 ரூபாய். மார்ச் 31 மாலையில் அந்த முழுத் தொகையும் கம்பெனியின் கடன். அதில் 17,050 அவர் கைக்கு நேராகப் போகிறது. 1,950 அவர் பெயரில் பி.எஃப். ஆபீசுக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் போகிறது. 1,000 அவர் கம்பெனிக்குத் தர வேண்டிய பழைய கடனில் கழிகிறது. பணம் போகும் இடம்தான் மூன்று, செலவு ஒன்றுதான். பிடித்தம் என்பதாலேயே அது கம்பெனியின் தனிச் செலவு ஆகிவிடாது. அது தொழிலாளியின் பணம், அதை அவர் சார்பில் கட்டும் வேலை மட்டும் கம்பெனியுடையது. பிடித்த நாளிலிருந்து கட்டும் நாள் வரை அது உங்கள் புத்தகத்தில் கடனாகத்தான் நிற்க வேண்டும்.

கம்பெனி பங்கு இதிலிருந்து வேறு. அது பே ஸ்லிப்பில் கழிக்கப்படுவதில்லை, கழிக்கவும் கூடாது. 20,000-த்துக்கு மேல் கம்பெனி தன் கையிலிருந்து தருவது அது. பி.எஃப்.பில் கம்பெனியும் 12 சதவீதம் போட வேண்டும். அதில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கு, நம் கணக்கில் 1,250 ரூபாய். மீதி 550 அவருடைய பி.எஃப். கணக்குக்கு. அப்புறம் காப்பீட்டுத் திட்டத்துக்கு அரை சதவீதம், 75. நிர்வாகக் கட்டணம் இன்னொரு அரை சதவீதம், 75. ஈ.எஸ்.ஐ.யில் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 650. எல்லாம் சேர்த்து 2,600. ஆக, 20,000 ரூபாய் சம்பளக்காரருக்குக் கம்பெனியின் உண்மையான செலவு 22,600. இந்த 2,600-ம் மார்ச் மாத உழைப்பின் மேல் வந்த செலவுதான். சலான் ஏப்ரல் 15-ல் கட்டுகிறோம் என்பதற்காக அது ஏப்ரல் செலவு ஆகாது.

உங்கள் பட்டறையில் இதே போல 20 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிஜத்தில் ஆளுக்கு ஆள் வேறுபடும், கணக்கு புரிய இது போதும். மார்ச் 31-ம் தேதி போட வேண்டிய ஜர்னல் இது:

டெபிட் — சம்பளம்: 4,00,000
டெபிட் — பி.எஃப். கம்பெனி பங்கு: 39,000
டெபிட் — ஈ.எஸ்.ஐ. கம்பெனி பங்கு: 13,000
கிரெடிட் — கொடுக்க வேண்டிய சம்பளம்: 3,41,000
கிரெடிட் — கட்ட வேண்டிய பி.எஃப்.: 75,000
கிரெடிட் — கட்ட வேண்டிய ஈ.எஸ்.ஐ.: 16,000
கிரெடிட் — ஸ்டாஃப் அட்வான்ஸ்: 20,000

இரண்டு பக்கமும் 4,52,000. மேலே இருக்கும் மூன்றும் செலவு. கீழே முதல் மூன்றும் கடன், டாலியில் `Current Liabilities` குழுவின் கீழ் வர வேண்டியவை. கடைசி வரியை மட்டும் கவனியுங்கள். அட்வான்ஸ் பிடித்தம் மற்றப் பிடித்தங்களைப் போலக் கடனாகப் பிறப்பதில்லை. அதை வெளியே யாருக்கும் கட்டப் போவதில்லை. கம்பெனிக்கு வர வேண்டிய பணம் வந்துவிட்டது, அதனால் அந்தச் சொத்து குறைகிறது. அவ்வளவுதான்.

இந்த ஜர்னலில் பேங்க் எங்குமே வரவில்லை என்பதையும் பாருங்கள். ஏப்ரல் 7-ல் சம்பளம் போடும்போது ‘கொடுக்க வேண்டிய சம்பளம்’ டெபிட், பேங்க் கிரெடிட், 3,41,000. ஏப்ரல் 15-க்குள் சலான் கட்டும்போது ‘கட்ட வேண்டிய பி.எஃப்.’ டெபிட் 75,000, ‘கட்ட வேண்டிய ஈ.எஸ்.ஐ.’ டெபிட் 16,000, பேங்க் கிரெடிட். பணம் போகும் நாளில் செலவு லெட்ஜர் எதையும் தொடக் கூடாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இப்போது உங்கள் முறையில் அதே மாதம் எப்படி விழுந்திருக்கும்? சம்பளம் 3,41,000, பி.எஃப். செலவு 75,000, ஈ.எஸ்.ஐ. செலவு 16,000. கூட்டினால் 4,32,000. உண்மைச் செலவைவிட 20,000 குறைவு. பிடித்தங்களை சலான் வழியாகச் செலவில் கொண்டுவந்துவிட்டதால் அவை எப்படியோ ஈடாகிவிட்டன. அட்வான்ஸ் பிடித்தத்துக்குச் சலான் கிடையாது. அதனால் அது எந்தப் பக்கமும் வராமல் விழுந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தபோது சொத்தில் ஏற்றினீர்கள், திரும்பி வந்ததை ஒருபோதும் இறக்கவில்லை. மாதம் 20,000 என்றால் வருடத்தில் 2,40,000 ரூபாய் இல்லாத லாபமும், அதே அளவு இல்லாத சொத்தும். உங்கள் லெட்ஜர் ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். யார் யாருக்கு எவ்வளவு நிஜமான பாக்கி என்று பே ஸ்லிப்புகளை வைத்து ஒரு பட்டியல் போட்டு, லெட்ஜர் இருப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இதுவரை பிடித்த தவணைகளின் கூட்டுத்தொகைக்குக் கிட்டத்தட்ட வந்தால் நோய் இதுதான்.

இரண்டாவது கோளாறு மார்ச் முடிவில். மார்ச் சம்பளம் ஏப்ரல் 7-ல் போகிறது, மார்ச் பி.எஃப். ஏப்ரல் 15-ல். பணம் போகும்போது எழுதுவதால் உங்கள் வருடக் கணக்கில் இருக்கும் 12 மாதம் போன மார்ச்சிலிருந்து இந்தப் பிப்ரவரி வரையிலானது. எல்லா மாதமும் ஒரே தொகை என்றால் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் சம்பள உயர்வு கொடுத்திருந்தால், போன மார்ச்சின் மொத்தச் செலவு 4,10,000 என்றும் இந்த மார்ச்சில் 4,52,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள், 42,000 ரூபாய் இந்த வருடத்தில் குறைந்துவிடும். அதைவிட மோசம் பேலன்ஸ் ஷீட். மார்ச் 31-ல் தொழிலாளிகளுக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.க்கும் சேர்த்து 4,32,000 தர வேண்டியிருக்கிறது, உங்கள் பேலன்ஸ் ஷீட்டோ யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை என்கிறது. பேங்கில் 5 லட்சம் இருப்பைப் பார்த்து முதலாளி வசதியாக இருப்பதாக நினைத்துக்கொள்வார். அதில் அவருடையது 68,000 மட்டும்தான். தனியாள் தொழில் என்றால் ரொக்க அடிப்படையில் கணக்கு வைத்தேன் என்று ஏதாவது வாதாடலாம். பிரைவேட் லிமிடெட்டுக்கு அந்த வழி இல்லை. கம்பெனிச் சட்டம் 2013-ன் 128-வது பிரிவு, வரவு செலவு எந்தக் காலத்தைச் சேர்ந்ததோ அந்தக் காலத்தில் எழுதும் முறையைத்தான் கட்டாயமாக்குகிறது. உங்கள் ஆடிட்டர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

மூன்றாவது, ஒரே சலானுக்குள் இரண்டு விதமான பணம் கலந்திருப்பது. பி.எஃப். சலானைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் கணக்கு எண் 1-ல் 47,000, எண் 2-ல் 1,500, எண் 10-ல் 25,000, எண் 21-ல் 1,500 இருக்கும். கூட்டினால் 75,000. எண் 1-ல் உள்ள 47,000-த்தில் 36,000 தொழிலாளிகளின் பணம், 11,000 கம்பெனி பங்கு. எண் 2 நிர்வாகக் கட்டணம், 10 பென்ஷன், 21 காப்பீடு. மொத்தத்தில் கம்பெனியின் செலவு 39,000 மட்டுமே. முழு 75,000-ஐயும் ‘பி.எஃப். செலவு’ என்று போட்டால், கம்பெனி தன் பங்காக ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுப்பது போலவும், சம்பளம் குறைவாகக் கொடுப்பது போலவும் தெரியும். பேங்க் மேனேஜரோ, கூலி உயர்வு பேச வரும் யூனியன்காரரோ அந்தக் கணக்கைப் பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் வருவார்கள்.

இந்த இரண்டையும் பிரித்து வைப்பது வெறும் கணக்கு நேர்த்திக்காக அல்ல. சட்டமே இவற்றை வேறுவேறாகப் பார்க்கிறது. சம்பளத்திலிருந்து பிடித்த பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கைத் தொழிலாளி நம்பி ஒப்படைத்த பணமாகவே குற்றவியல் சட்டம் கருதுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-வது பிரிவு விளக்கங்களில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவில் இருக்கிறது. பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடி வழக்கில் முடியலாம். வருமான வரியிலும் இதே பிளவுதான். 2026 மார்ச் வரையான வருடங்களுக்குப் பொருந்தும் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கம்பெனி பங்கைத் தாமதமாகக் கட்டினாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் செலவாகக் கழிக்கலாம். தொழிலாளி பங்கோ, பிடித்த உடனே கம்பெனியின் வருமானமாகக் கருதப்பட்டு, அந்தந்தச் சட்டம் சொன்ன தேதிக்குள் கட்டியிருந்தால் மட்டுமே கழிவு கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே சலுகைதானே என்று பல வருடம் நீதிமன்றங்களில் இழுபறி நடந்தது. செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டும் ஒன்றல்ல என்று முடித்துவைத்தது. கம்பெனி பங்கு முதலாளியின் சொந்தப் பணம், மற்றது அவர் கையில் தங்கிய பிறர் பணம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. கெடு தாண்டிக் கட்டிய தொழிலாளி பங்குக்கு வரி கட்ட நேர்ந்த கம்பெனிகள் உண்டு. உங்கள் லெட்ஜரில் இரண்டும் ஒரே பெயரில் கிடந்தால், எந்த மாதம் எவ்வளவு பிறர் பணம் தாமதமானது என்பதை ஆடிட்டர் சலான் சலானாகத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தாமதத்துக்கு வரும் வட்டியையும் அபராதத்தையும் தனி லெட்ஜரில் போடுங்கள். அது சம்பளச் செலவும் அல்ல, தொழிலாளியிடம் பிடிக்கக் கூடியதும் அல்ல.

உங்கள் கம்பெனி மேனேஜர் போல வரிப் பிடித்தத்துக்கு உள்ளாகும் ஒருவர் இருந்தால் அங்கேயும் இதே வழிதான். மொத்தச் சம்பளம் செலவு, டி.டி.எஸ். கடன். ஒரு சின்ன வித்தியாசம் மட்டும்: சம்பளத்துக்கான டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய கடமை சம்பளம் கையில் கொடுக்கும்போது வருகிறது. எனவே ஏப்ரல் 7-ல் தரும் மார்ச் சம்பளத்தின் டி.டி.எஸ். மே 7-க்குள் கட்ட வேண்டியது. தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குப் போகிறது, எவ்வளவானாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. பிடித்த மாதத்தில் கடன், கட்டிய அன்று கழிவு.

சரி, ஒழுங்காக எழுதிக்கொண்டு வருகிறோமா என்று எப்படித் தெரியும்? மாதம் 16-ம் தேதி ‘கட்ட வேண்டிய பி.எஃப்.’, ‘கட்ட வேண்டிய ஈ.எஸ்.ஐ.’, ‘கொடுக்க வேண்டிய சம்பளம்’ மூன்றையும் திறந்து பாருங்கள். போன மாதத்துக்கு மூன்றும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மிஞ்சி நிற்கும் தொகையே தப்பு எங்கே என்று சொல்லும். பி.எஃப்.பில் 1,500 டெபிட் பக்கம் மிஞ்சினால், ஜர்னலில் நிர்வாகக் கட்டணத்தையோ காப்பீட்டையோ விட்டிருக்கிறீர்கள். ஈ.எஸ்.ஐ.யில் சில்லறை ரூபாய் மிஞ்சினால் அது பெரும்பாலும் முழுமையாக்கலில் வந்தது. தொழிலாளி பங்கில் பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றிக் கட்ட வேண்டும். 20,150-க்கு 0.75 சதவீதம் 151 ரூபாய் 13 பைசா சொச்சம் வரும், கட்ட வேண்டியது 152. உங்கள் எக்செல் 151 என்று இறக்கியிருந்தால் ஆளுக்கு ஒரு ரூபாய் இடிக்கும். எக்செல்லிலேயே திருத்துவதுதான் வழி, மாதா மாதம் ‘ரவுண்டிங் ஆஃப்’ போட்டு மூடுவது அல்ல.

சம்பள லெட்ஜரில் முழுசாக ஒரு ஆளின் தொகை மிஞ்சி நின்றால், யாரோ வேலையை விட்டுப் போய் பணம் வாங்காமல் இருக்கிறார், அல்லது பேங்க் பரிமாற்றம் திரும்பி வந்திருக்கிறது. அதை வருடக் கடைசியில் ‘இதர வருமானம்’ என்று தள்ளிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. செய்யாதீர்கள். வாங்காத கூலி கடனாகவே நிற்க வேண்டும். நெடுநாள் யாரும் கேட்காமல் கிடந்தால் அது முதலாளிக்குச் சேராது, 1972-ம் ஆண்டு தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிச் சட்டப்படி நல வாரியத்துக்குப் போக வேண்டிய பணம்.

இந்த வருடம் ஏற்கெனவே எழுதிவிட்டதை அழித்து எழுத வேண்டாம். மாதத்துக்கு ஒரு திருத்த ஜர்னல் போதும். நம் உதாரண மாதத்துக்கு: சம்பளம் டெபிட் 59,000, பி.எஃப். கம்பெனி பங்கு டெபிட் 39,000, ஈ.எஸ்.ஐ. கம்பெனி பங்கு டெபிட் 13,000. மறுபக்கம் பழைய ‘பி.எஃப். செலவு’ கிரெடிட் 75,000, பழைய ‘ஈ.எஸ்.ஐ. செலவு’ கிரெடிட் 16,000, ஸ்டாஃப் அட்வான்ஸ் கிரெடிட் 20,000. இரண்டு பக்கமும் 1,11,000. இதைச் செய்து முடித்தால் பழைய இரண்டு செலவு லெட்ஜரும் பூஜ்ஜியமாகும், அட்வான்ஸ் லெட்ஜர் நிஜமான பாக்கிக்கு இறங்கும். முந்தைய வருடங்களில் பிடித்த தவணைகளும் அதில் மிஞ்சி நின்றால் அவற்றை இந்த வருடச் சம்பளத்தில் ஏற்றாதீர்கள். ஏப்ரலில் செலவாக எழுதிய போன மார்ச் சம்பளமும் அதே வகை. இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஆடிட்டரிடம் கொடுங்கள். முந்தைய காலத்து இனங்களாகத் தனியாகக் காட்டுவது அவர் வேலை. பிறகு இந்த மார்ச் 31-க்கு மேலே சொன்ன முழு ஜர்னலைப் போடுங்கள், ஏப்ரல் 7-ல் பேங்கிலிருந்து பணம் போகும்போது ‘சம்பளம்’ லெட்ஜரைத் தொடாதீர்கள்.